தேதியும் இடமும் சரி, ஆனால் படம் பொய்

ஒரு கார் இன்சூரன்ஸ் கிளெய்மை எடுத்துக்கொள்வோம். கார்க்காரர் தன் வண்டியின் பின்கதவை உச்சி வெயிலில் போனில் படமெடுக்கிறார். கதவில் ஒரு கீறல்கூட இல்லை. பிறகு கணினியில் அந்தப் படத்தைத் திறந்து, கதவின் நடுவே பெரிய ஒடுக்கு ஒன்றைச் சேர்த்துவிடுகிறார். கம்பெனிக்குப் போகும் படத்தில் எடுத்த தேதி, நேரம், போனின் மாடல், ஜி.பி.எஸ். இடம் எல்லாம் இருக்கின்றன. அத்தனையும் உண்மையும்கூட. படத்தின் அளவு 4000-க்கு 3000 பிக்சல். பெரிதாக்கினால் நம்பர் பிளேட்டின் திருகுவரை தெரிகிறது. ஒடுக்கு மட்டும்தான் பொய்.

இது எப்படி என்று புரிய, அந்தத் தகவல்கள் எங்கே இருக்கின்றன என்று தெரிய வேண்டும். கேமரா ஒரு படத்தைச் சேமிக்கும்போது, பிக்சல்களோடு அதே கோப்பின் தொடக்கத்தில் ஒரு குறிப்பையும் எழுதிவைக்கிறது. இந்தக் குறிப்புக்கான பொது முறைக்கு எக்சிஃப் என்று பெயர். 1995-இல் ஜப்பானிய மின்னணுத் தொழில் மேம்பாட்டுச் சங்கம் வகுத்தது. படங்களைத் தேதிவாரியாக அடுக்கவும், எந்த லென்ஸில் எந்த வேகத்தில் எடுத்தோம் என்று பார்க்கவும் வசதியாக இருக்கட்டும் என்பதே நோக்கம். அதனால் அதற்குப் பூட்டு எதுவும் போடவில்லை. கவரின் மேல் எழுதிய விலாசத்துக்கும் உள்ளே இருக்கும் கடிதத்துக்கும் என்ன பிணைப்போ, அவ்வளவுதான் இந்தக் குறிப்புக்கும் படத்துக்கும்.

படத்தைத் திருத்திச் சேமித்தால், திருத்திய மென்பொருளின் பெயர் பெரும்பாலும் குறிப்பில் ஏறிவிடும். ஆனால் அசல் படத்தின் குறிப்பை எடுத்துத் திருத்திய படத்தின்மேல் எழுத, எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கும் ஒரு கருவியில் ஒரே வரி போதும்:

```
exiftool -TagsFromFile asal.jpg odukku.jpg
```

இதற்குப் பிறகு ஒடுக்கு விழுந்த படத்தின் குறிப்பில் அசல் படத்தின் விவரங்கள் வந்து உட்கார்ந்துவிடும். அந்த இடத்தில், அந்த நேரத்தில், அந்தப் போன் ஒரு படம் எடுத்தது உண்மை. இந்தப் படம்தான் அது என்பது உண்மையல்ல.

ரெசல்யூஷனுக்கும் உண்மைக்கும் இன்னும் தூரம் அதிகம். 4000-க்கு 3000 என்பது பிக்சல்களின் எண்ணிக்கை, ஒரு கோடியே இருபது லட்சம். அவை எங்கிருந்து வந்தன என்று அந்த எண்ணிக்கை சொல்லாது. கதவின் ஒரு பகுதியை மட்டும் மாற்றினால், மீதி முழுவதும் கேமரா பிடித்த அதே தெளிவோடு இருக்கும். அந்தத் தெளிவுதான் நம்மை நம்பவும் வைக்கிறது. 2000-க்கு 1500 அளவுள்ள படத்தை இரு மடங்கு பெரிதாக்கினாலும் இதே அளவு கிடைக்கும். நான்கில் மூன்று பிக்சல்கள் அப்போது கணக்குப் போட்டு நிரப்பியவை.

அப்படியானால் குறிப்பைப் பார்ப்பதே வீணா? வீணில்லை. குறிப்பும் படமும் முரண்பட்டால் ஏதோ நடந்திருக்கிறது என்று தெரியும். இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் எதுவும் நிரூபணமாவதில்லை. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, ‘மெட்டாடேட்டா சரியாக இருக்கிறது, எனவே படம் அசல்’ என்று முடிவுக்கு வருவதுதான் ஆபத்து.

முரண்பாட்டை எங்கே தேடுவது? ஜேபெக் படம் 8-க்கு 8 பிக்சல் கொண்ட சிறு கட்டங்களாகச் சுருக்கப்படுகிறது. எவ்வளவு நுணுக்கத்தைக் கைவிடலாம் என்பதை 64 எண்கள் கொண்ட ஓர் அட்டவணை தீர்மானிக்கிறது. போன் ஒரு அட்டவணையைப் பயன்படுத்தும், படம் திருத்தும் மென்பொருள் வேறொன்றைப் பயன்படுத்தும். படத்தைத் திறக்க அந்த அட்டவணை தேவை என்பதால் அது கோப்பிலேயே இருக்கும். எக்சிஃப் குறிப்பை நகலெடுத்தால் இது மாறாது. குறிப்பு ஒரு போன் மாடலைச் சொல்லி, அட்டவணை அந்த மாடலுடையதாக இல்லாவிட்டால், கோப்பு போனிலிருந்து நேராக வரவில்லை. குறிப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் சிறுபடத்தையும் பார்க்கலாம். சில மென்பொருள்கள் பெரிய படத்தை மாற்றிவிட்டு இதை அப்படியே விட்டுவிடும். அந்தக் குட்டிப் படத்தில் கதவு பளபளவென்று இருக்கும்.

இந்த இரண்டையும் ஏமாற்ற ஓர் எளிய வழி உண்டு. ஒடுக்குப் படத்தை நல்ல திரையில் போட்டோ, பெரிதாக அச்சிட்டோ, அதையே போனில் மறுபடி படமெடுத்தால் போதும். இப்போது எக்சிஃப் குறிப்பு, சுருக்க அட்டவணை, சிறுபடம் எல்லாமே அசல். யாரும் எதையும் திருத்தவில்லை. கேமரா தன் முன்னால் இருந்ததை நேர்மையாகத்தான் பதிவு செய்தது. அதன் முன்னால் இருந்தது கார் அல்ல, காரின் படம்.

இங்கேயும் சில சமயம் வெளிச்சம் காட்டிக்கொடுக்கும். போன் லென்ஸின் திறப்பு f/1.8 என்று வைத்துக்கொண்டால், ஐ.எஸ்.ஓ. 50-இல் உச்சி வெயிலுக்கு ஏறக்குறைய 1/4000 நொடி போதும். குறிப்பில் ஐ.எஸ்.ஓ. 400, 1/60 நொடி என்று இருந்தால், கேமரா பார்த்த வெளிச்சம் வெயிலைவிட ஐந்நூறு மடங்குக்கு மேல் குறைவு. அது அறைக்குள் இருக்கும் வெளிச்சம். கதவில் விழும் நிழலோ நண்பகலைக் காட்டுகிறது. ஆனால் இந்த எண்களையும் மாற்றி எழுதலாம் என்பதை மறக்கக்கூடாது.

பூட்டே போட்டுவிட்டால் என்ன என்று கேமரா நிறுவனங்களும் யோசித்தன. கேனன் தன் உயர்ரகக் கேமராக்களில், எடுத்த கணமே படத்தின்மீது ஒரு ரகசியக் கணக்கைப் போட்டு, முத்திரைபோல ஓர் எண்ணைச் சேர்க்கும் வசதியைக் கொண்டுவந்தது. ஒரு பிக்சல் மாறினாலும் முத்திரை பொருந்தாது. கணக்கு பலமானதுதான். ஆனால் அதற்கான ரகசியச் சாவி கேமராவுக்குள்ளேயே இருந்தது. 2010-இல் ரஷ்யாவின் எல்காம்சாஃப்ட் நிறுவனத்தைச் சேர்ந்த திமித்ரி ஸ்க்லியாரோவ் அந்தச் சாவியை வெளியே எடுத்துக் காட்டினார். நிலவில் சோவியத் கொடி நடும் விண்வெளி வீரர் போன்ற படங்களை உருவாக்கி, அவற்றுக்குக் கேனன் முத்திரையைக் குத்தினார்கள். கேனனின் சொந்தச் சோதனைக் கருவியே அவற்றை அசல் என்று ஏற்றது.

2025-இல் நிக்கான் இசட்6-3 கேமராவில் சாவியைத் திருட வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. இரண்டு படங்களை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்க்கும் வசதி வழியாக, முத்திரையில்லாத வேறொரு படத்தை உள்ளே செலுத்தினால், கேமரா அதற்கும் சான்று எழுதிக் கையெழுத்திட்டது. குறை வெளியானதும் நிக்கான் அந்தச் சேவையை நிறுத்தி, வழங்கிய சான்றிதழ்களையும் ரத்து செய்தது.

நம் கார் கதவுக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. எந்தச் சென்சாரிலும் எல்லா பிக்சல்களும் ஒரே அளவு கூர்மையாக இருப்பதில்லை. ஒன்று துளி அதிகமாக, பக்கத்தில் உள்ளது துளி குறைவாக வெளிச்சத்தைப் பதியும். இந்த ஏற்ற இறக்கம் அந்த ஒரு போனுக்கு மட்டும் உரியது, அது எடுக்கும் எல்லாப் படங்களிலும் மெல்லிய இரைச்சலாகப் படிந்திருக்கும். வெறும் சுவரையோ வானத்தையோ அந்தப் போனில் பலமுறை எடுத்துச் சராசரி பார்த்தால் அந்த வடிவம் கிடைக்கும். சந்தேகப்படமான படத்தோடு ஒப்பிட்டால், கார் முழுக்க வடிவம் பொருந்தி, ஒடுக்கு இருக்கும் இடத்தில் மட்டும் காணாமல் போயிருக்கும். திரையிலிருந்து மறுபடி எடுத்த படத்தை மட்டும் இது பிடிக்காது, ஏனென்றால் அங்கே படம் முழுவதிலும் அதே சென்சாரின் வடிவம்தான் இருக்கும். இந்தச் சோதனைக்குப் போன் கையில் வேண்டும், அசல் கோப்பும் வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எக்சிஃப் குறிப்பு நீக்கப்பட்டு, அளவும் சுருக்கப்பட்டு, இந்த மெல்லிய வடிவத்தில் பெரும்பகுதி அழிந்துவிடும். ஆகவே சர்வேயர் முதலில் கேட்க வேண்டியது போனையும், அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் அதில் எடுத்த மற்றப் படங்களையும். முடிந்தால் காரையும்.