கேள்விக்குறி ஏந்திய கோப்புறை

ஓசூர் சிப்காட்டை அடுத்த ஒரு சிறிய அச்சுக்கூடத்தில், ரோஜாப்பூப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைத்துத் தரும் நண்பர் ஒருவருடைய பழைய மேக்புக் புரோ, 2012ஆம் வருஷத்து 13 அங்குல ரகம், ஒரு நாள் காலையில் சாம்பல் நிறத் திரையின் நடுவே கேள்விக்குறி பொறித்த கோப்புறை ஒன்றை மினுக்கிக் காட்டியதோடு நின்றுவிட்டது. "சார், உள்ளே இருந்ததெல்லாம் போச்சா?" என்பதே அவர் முதலில் கேட்டது.

போகவில்லை என்று உடனே சொல்லிவிட முடியாது. ஆயினும் அந்தச் சின்னத்தின் அர்த்தம் அதுவன்று. எந்த வட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்ற குறிப்பை, மின்சாரம் நின்றாலும் அழியாத ஒரு சிறு நினைவகத்தில் மேக் வைத்திருக்கிறது. அந்தக் குறிப்பின்படி போய்ப் பார்த்து, அங்கே தொடங்கத்தக்க அமைப்பு எதுவும் அகப்படாதபோதுதான் இக்கேள்வியை எழுப்புகிறது. சிறிது நேரம் மினுக்கிவிட்டுப் பிறகு வழக்கம்போல் தொடங்கிவிடுமானால், குறிப்பு மட்டுமே தவறியது; Startup Disk என்ற பகுதியில் வட்டை மறுபடி தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது.

நண்பருடைய யந்திரமோ மினுக்கிக்கொண்டே இருந்தது. பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி அணைத்துவிட்டு, ஆப்ஷன் விசையைப் பிடித்தபடியே மீண்டும் உயிர்ப்பித்தோம். தொடங்கத்தக்க வட்டுகளெல்லாம் வரிசையாகத் தோன்ற வேண்டிய அத்திரையில் ஒன்றுமே தோன்றவில்லை. அடுத்து கமாண்ட் விசையையும் R விசையையும் சேர்த்துப் பிடித்தபோது, மீட்புத் திரைக்குப் பதிலாகச் சுழலும் பூகோளம் வந்தது. சாதாரணமாக மீட்பு அமைப்பும் அதே வட்டில்தான் குடியிருக்கிறது. ஆகவே யந்திரம் அதை இணையத்தில் தேடப் புறப்பட்டதே, உள்வட்டு அதன் கண்ணுக்குப் புலப்படவில்லை என்பதற்கு ஒரு சாட்சியம். இணையவழி மீட்பு வந்து சேர்ந்ததும் Disk Utility-யைத் திறந்து பார்த்தோம். இடப்பக்கப் பட்டியலிலும் உள்வட்டின் பெயர் இல்லை. பெயர் இருந்திருந்தால் First Aid நடத்தி, அதுவும் பயன்படாவிடில் அமைப்பை மறுபடி நிறுவியிருக்கலாம். நிறுவுவது சாதாரணமாகக் கோப்புகளைத் தொடாது, Erase என்ற கட்டளைதான் அவற்றை அழிக்கும்.

வட்டு செத்ததா, அதற்குச் செல்லும் பாதை அறுந்ததா என்பதே மீதியிருந்த சந்தேகம். இந்த ரகத்தில் வட்டையும் மதர்போர்டையும் இணைப்பது காகிதம்போல் மெல்லிய, மடிந்து செல்லும் ஒரு நாடாக் கேபிள். நாளடைவில் அது தேய்வது பழுது பார்ப்போர் நன்கறிந்த விஷயம். அடிமூடியின் திருகுகளைக் கழற்றி, வட்டை எடுத்து ஒரு யுஎஸ்பி பெட்டிக்குள் பொருத்தி, வெளியிலிருந்தே இணைத்து ஆப்ஷன் விசையைப் பிடித்தோம். ஆரஞ்சு நிற வட்டுச் சின்னம் தோன்றியது. அதைத் தேர்ந்ததும் லேபிள்கள் அனைத்தும் அப்படியே திறந்தன. முதற்காரியமாக அவற்றை வேறொரு வட்டில் நகலெடுத்துக்கொண்டோம்.

வட்டு மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட பிற்கால மேக்குகளில் இந்தப் பரிசோதனை நடவாது. ஆப்பிள் சிப் கொண்டவற்றிலோ ஆப்ஷன் விசைக்கு வேலையில்லை. பவர் பொத்தானையே விடாமல் அழுத்தினால்தான் தேர்வுத் திரை வரும்.

புதிய கேபிளுக்காக நண்பர் அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் வந்தார். மாலையில் அதைப் பொருத்தி, Startup Disk-இல் உள்வட்டைத் தேர்ந்தெடுத்த பின் கோப்புறை திரும்ப வரவில்லை.