நகை ரசீதைப் பின்னோக்கிச் சரிபார்த்தல்

எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதத்தில் கல் பதித்த நகையின் ரசீதைக் கணக்காகத் தரலாம். மொத்த எடை 10 கிராம், கல் 1 கிராம். எனவே தங்கம் 9 கிராம். ஒரு கிராம் 10,000 ரூபாய் எனக் கொள்வோம். சேதாரம் 10 சதவீதம், அதாவது 0.9 கிராம். 9.9 கிராமுக்கு 99,000 ரூபாய். கல்லின் விலை 2,000, செய்கூலி 1,000 சேர்த்தால் 1,02,000. ஜி.எஸ்.டி. 3 சதவீதம் 3,060. ஆக மொத்தம் 1,05,060 ரூபாய்.

எடையுடன் சரிபார்க்க, மாணவர்கள் பின்னோக்கி வரட்டும். மொத்தத்தை 1.03ஆல் வகுத்து, கல்லுக்கும் கூலிக்குமான 3,000ஐக் கழித்து, கிராம் விலையால் வகுத்தால் 9.9. அதை 1.1ஆல் வகுத்தால் 9 கிராம் வரவேண்டும். ரசீதில் 1,06,090 என்றிருந்தால் 9.09 வரும். கல்லையும் சேர்த்து 10 கிராமுக்குச் சேதாரம் போட்டதால் வந்த கூடுதல், வரியுடன் 1,030 ரூபாய்.