கேமரா மாறினால் மைக்கும் மாறும்

செல்ஃபி கேமராவில் எடுத்த வீடியோவில் பேச்சு தெளிவாகக் கேட்கும். அதே இடத்தில் பின்கேமராவில் எடுத்தால் குரல் மந்தமாகிவிடும். பலரும் போன் பழுதாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். உண்மையில், கேமராவை மாற்றும்போது மைக்கும் மாறிவிடுகிறது.

ஐபோனை எடுத்துக்கொள்வோம். சார்ஜ் போடும் துளை பக்கத்தில் ஒரு மைக், முன்பக்கம் காதில் வைத்துக் கேட்கும் இடத்தில் ஒன்று, பின்பக்கம் லென்ஸ் அருகே ஊசித்துளைக்குள் ஒன்று. செல்ஃபி வீடியோவுக்கு முன் மைக்கும், பின்கேமராவுக்குப் பின் மைக்கும் முன்னுரிமை பெறுகின்றன. பல போன்களில் ஒன்றுக்கு மேற்பட்ட மைக்குகள் சேர்ந்தே வேலை செய்யும். ஒரு சத்தம் ஒவ்வொரு மைக்கையும் வந்தடையும் நேரத்தில் உள்ள நுண்ணிய வித்தியாசத்தை வைத்து, கேமரா பார்க்கும் திசையிலிருந்து வரும் சத்தத்தை மென்பொருள் தூக்கிக்காட்டும்.

ஆனால் திசையை விட தூரத்துக்கு வலு அதிகம். பாட்டி சமையல் குறிப்பு சொல்கிறார், பேரன் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று பின்கேமராவில் எடுக்கிறான் என்று வையுங்கள். அவன் வாய்க்கும் போனுக்கும் முப்பது சென்டிமீட்டர்தான். பின் மைக் பாட்டியை நோக்கி இருந்தாலும், வீடியோவில் அவனுடைய "ம்", "அப்புறம் பாட்டி?" எல்லாம் பாட்டியின் குரலை அமுக்கிவிடும். தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். அவன் முக்கால் மீட்டருக்கு நெருங்கி, தலையசைத்துக் கேட்டாலே போதும்.

எந்த மைக் நல்லது என்பதை நீங்களே சோதிக்கலாம். போனை ஒரே இடத்தில் நிறுத்துங்கள். முதலில் முன்பக்கத்தையும், பிறகு பின்பக்கத்தையும் உங்களை நோக்கித் திருப்பி, அதே தூரத்திலிருந்து அதே இரண்டு வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்யுங்கள். இயர்போனில் கேளுங்கள். ஸ, ச ஒலிகள் கூர்மையாக இருக்கின்றனவா, மின்விசிறி இரைச்சல் எதில் குறைவு என்று பாருங்கள்.

ஒரு பக்கம் மட்டும் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்டால், உறையைக் கழற்றி மறுபடி எடுங்கள். தெளிந்துவிட்டால் உறைதான் பின்பக்கத் துளையை மறைத்திருக்கிறது. முன்பக்கம் மந்தமென்றால் ஸ்கிரீன் கார்டின் விளிம்பையும் அங்கே சேர்ந்த தூசியையும் பாருங்கள். துளைக்குள் ஊசி விடவேண்டாம். மென்மையான, உலர்ந்த பிரஷ் போதும்.

சில சாம்சங் போன்களில் Pro Video பகுதியில் Omni, Front, Rear என்று மைக்கை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். எதிரில் பேசுபவருக்கு Rear, படம்பிடித்தபடி நீங்களே விளக்கினால் Front, இருவரும் பேசினால் Omni. அந்த வசதி இல்லாத போனில், தனியாகப் பேசி எடுக்கும் வீடியோவுக்கு, சோதனையில் வென்ற கேமராவையே வைத்துக்கொள்ளுங்கள். படம் சற்றுக் குறைந்தாலும் பார்ப்பார்கள். பேச்சு புரியாவிட்டால் பாதியில் நிறுத்திவிடுவார்கள்.