210 மெகாவாட் யூனிட்டால் எத்தனை மெகாவார் தர முடியும்?

2003 ஆகஸ்ட் 14 பிற்பகல் 1.31 மணிக்கு, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில் இருந்த ஈஸ்ட்லேக் அனல்மின் நிலையத்தின் ஐந்தாவது யூனிட் நின்றுபோனது. 597 மெகாவாட் திறனுள்ள யூனிட் அது. நிலக்கரி தீரவில்லை, கொதிகலனில் குழாய் வெடிக்கவில்லை. வெயில் காலம், ஏசிகள் ஓடிக்கொண்டிருந்தன, கிளீவ்லாந்து வட்டாரத்தில் வோல்டேஜ் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாங்கிப் பிடிக்கும்படி மின்நிலையங்களுக்குக் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து தொலைபேசி அழைப்புகள் போயின. ஈஸ்ட்லேக் ஆபரேட்டர் ரியாக்டிவ் பவரைக் கூட்டிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் எக்சைட்டேஷன் அளவு மீற, வோல்டேஜைத் தானே சீராக வைத்திருக்கும் ஏவிஆர் ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாறியது. அதை மறுபடி ஆட்டோவுக்குக் கொண்டுவர அவர் முயன்றபோது யூனிட்டே டிரிப் ஆகிவிட்டது.

அன்று மாலை வடகிழக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேர் மின்சாரம் இழந்தார்கள். அதற்கு ஈஸ்ட்லேக் மட்டும் காரணமல்ல. மரங்களில் உரசிய உயர்மின்னழுத்தக் கம்பிகளுக்கும், வேலை செய்யாமல் போன அலாரக் கணினிக்கும்தான் பெரும் பங்கு. ஆனாலும் அந்த டிரிப் ஒரு கேள்வியை எழுப்புகிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டரிடம் எவ்வளவு ரியாக்டிவ் பவர் கேட்கலாம்?

ரியாக்டிவ் பவர் என்பது விளக்கை எரிக்கும் மின்சாரமல்ல. மோட்டார், டிரான்ஸ்பார்மர் போன்றவற்றில் காந்தப்புலத்தை உண்டாக்கப் போய், அடுத்த கணமே திரும்பி வரும் ஆற்றல் அது. வேலை எதுவும் செய்வதில்லை. ஆனால் அது போய் வருவதற்கும் கம்பியில் கரன்ட் ஓடத்தான் வேண்டும், கரன்ட் ஓடினால் சூடு உண்டு. அது போதாவிட்டால் வோல்டேஜ் சரியும். அதன் அளவு மெகாவார். ஜெனரேட்டரில் அதைக் கூட்டவும் குறைக்கவும் ரோட்டரில் ஓடும் நேர்மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள். அதுதான் எக்சைட்டேஷன்.

ஒவ்வொரு ஜெனரேட்டருடனும் தயாரிப்பாளர் ஒரு வரைபடம் தருவார். 'கேபபிலிட்டி கர்வ்' என்று பெயர். ஓர் அச்சில் மெகாவாட், மற்றதில் மெகாவார். இரண்டையும் எந்தெந்த அளவில் சேர்த்து எடுத்தால் இயந்திரம் பத்திரமாக இருக்கும் என்பதை அதன் எல்லைக்கோடு சொல்கிறது. கோடு ஒன்றுபோலத் தெரிந்தாலும், வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு காரணங்களால் உருவான துண்டுகளை ஒட்டி வரைந்ததுதான் அது.

தமிழகத்தின் பழைய அனல்மின் நிலையங்களில் பரவலாக உள்ள 210 மெகாவாட் வகையையே எடுத்துக்கொள்ளலாம். பெல் நிறுவனத்தின் அந்த வகை ஜெனரேட்டரின் தகடு 247 எம்விஏ, 15.75 கிலோவோல்ட், பவர் பேக்டர் 0.85 என்று சொல்லும். முழுச்சுமையில் ஸ்டேட்டரில் ஓடுவது சுமார் 9,050 ஆம்பியர். அந்த நிலையில் கிடைக்கும் ரியாக்டிவ் பவர் 130 மெகாவார்.

இப்போது சுமையைப் பாதியாக, 105 மெகாவாட்டுக்குக் குறைத்தால் என்ன ஆகும்? ஸ்டேட்டரை மட்டும் பார்த்தால் 247 எம்விஏ வரை போகலாம். கணக்குப்படி சுமார் 223 மெகாவார் கிடைக்க வேண்டும். கிடைக்காது. மெகாவார் ஏற ஏற ரோட்டர் கரன்ட்டும் ஏறியாக வேண்டும். முழுச்சுமையில் 130 மெகாவார் தரும்போதே அந்த ரோட்டர் சுமார் 2,600 ஆம்பியரைச் சுமந்து தன் வெப்ப எல்லையில்தான் நிற்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழலும் அந்த உருளைக்குள் இன்சுலேஷன் வெந்துவிட்டால் பழுது பார்க்க மாதக்கணக்கில் யூனிட்டை நிறுத்த வேண்டியிருக்கும். அதனால் இந்தப் பகுதியில் எல்லையை வகுப்பது ரோட்டர்தான்.

இந்த வகை இயந்திரத்தின் சிங்க்ரனஸ் ரியாக்டன்ஸை ஏறத்தாழ 2.2 பெர் யூனிட் என்று வைத்து, ரோட்டர் கரன்ட்டை அதே உச்சத்தில் நிறுத்திக் கணக்கிட்டால், 105 மெகாவாட்டில் சுமார் 190 மெகாவார் வருகிறது. மெகாவாட்டையே சுழியாக்கினாலும் 208-ஐத் தாண்டாது. முழுச்சுமையிலிருந்து பாதிக்கு இறங்க 105 மெகாவாட் விற்பனையை இழந்தாயிற்று. கையில் கூடுதலாக வந்தது 60 மெகாவார். அதற்குப் பிறகு மிச்ச 105 மெகாவாட்டையும் விட்டுக்கொடுத்தால் கூடுவது வெறும் 18. 'சுமையைக் குறை, மெகாவார் கொட்டும்' என்று நினைப்பவர்கள் ஒரு தடவை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

தகட்டில் 0.85 என்று போட்டிருப்பதன் பொருளும் இங்கேதான் இருக்கிறது. ஸ்டேட்டரும் ரோட்டரும் ஒரே நேரத்தில் முழு எல்லையைத் தொடும் மூலை அது. அதற்கு ஒரு பக்கம் ரோட்டரின் ஆட்சி, மறுபக்கம் ஸ்டேட்டரின் ஆட்சி. டர்பைனால் 210 மெகாவாட்டுக்கு மேல் பெரிதாகத் தர முடியாது என்பதால் ஸ்டேட்டரின் பகுதி பெரும்பாலும் எட்டாக்கனியாகவே நிற்கும். ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜனின் அழுத்தம் குறைந்தால் இவ்விரு எல்லைகளும் உள்ளே சுருங்கும். அதனால்தான் ஒரே வரைபடத்தில் வெவ்வேறு அழுத்தங்களுக்குத் தனித்தனிக் கோடுகள் இருக்கும்.

இரவில் கதை தலைகீழ். சுமை குறைந்த நீண்ட 400 கிலோவோல்ட் தடங்கள் தாங்களே ரியாக்டிவ் பவரை உற்பத்தி செய்து வோல்டேஜை மேலே தள்ளும். அப்போது ஜெனரேட்டர் மெகாவாரை உறிஞ்ச வேண்டும்; அதற்கு எக்சைட்டேஷனைக் குறைக்க வேண்டும். ரோட்டர் குளிர்ந்து கிடக்கும், ஸ்டேட்டரிலும் இடம் இருக்கும், ஆனாலும் இங்கே வேறு இரண்டு ஆபத்துகள் காத்திருக்கின்றன.

முதலாவது, பிடி நழுவுவது. ரோட்டரின் காந்தம் பலவீனமானால் அதே மெகாவாட்டைத் தள்ள ரோட்டர் அதிகக் கோணம் முன்னே சாய வேண்டும். 90 டிகிரியை நெருங்கினால் ஒத்திசைவு அறுந்துவிடும். 70 டிகிரியைப் பாதுகாப்பு வரம்பாக வைத்து அதே இயந்திரத்துக்குக் கணக்கிட்டால், முழுச்சுமையில் 36 மெகாவார்தான் உறிஞ்சலாம்; பாதிச்சுமையில் 74. ஆக, இந்தப் பக்கத்தில் சுமையைக் குறைப்பது உண்மையிலேயே பலன் தருகிறது.

இரண்டாவது ஆபத்து மீட்டரில் அவ்வளவாகத் தெரியாதது. எக்சைட்டேஷன் நன்றாக இருக்கும்போது ரோட்டர் முனையில் உள்ள எஃகு வளையம் காந்தத்தில் நிறைவடைந்து, ஸ்டேட்டர் முனையிலிருந்து கசியும் காந்தப்புலத்துக்கு வழிவிடாது. எக்சைட்டேஷன் குறைந்தால் அந்த வழி திறந்துகொள்ளும். கசியும் புலம் ஸ்டேட்டர் முனைத் தகடுகளைக் குறுக்காகத் தாக்கி, அவற்றில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கிச் சுட வைக்கும். ஸ்டேட்டர் கரன்ட் அளவோடு இருக்கிறதே என்று ஆபரேட்டர் நிம்மதியாக இருக்கையில் முனைத் தகடுகள் கொதித்துக்கொண்டிருக்கலாம்.

இந்த எல்லைகளுக்குள் இயந்திரத்தை நிறுத்தி வைக்க ஏவிஆருக்குள் லிமிட்டர்கள் உண்டு: ரோட்டர் கரன்ட் மிகுந்தால் ஒன்று பிடித்து நிறுத்தும், அளவுக்கு மீறிக் குறைந்தால் மற்றொன்று. லிமிட்டர் முதலில் செயல்பட்டு, அதுவும் தவறினால் மட்டுமே ரிலே டிரிப் செய்ய வேண்டும். இரண்டின் செட்டிங்கும் ஒத்துப்போகாவிட்டால், வோல்டேஜ் சரியும் நேரத்தில், கட்டமைப்புக்கு அந்த யூனிட் மிக அவசியமாக இருக்கையில், அது விலகிக்கொள்ளும்.

அச்சிட்ட எல்லை முழுவதும் கைக்கு வரும் என்றும் நம்ப முடியாது. ஜெனரேட்டரின் முனை வோல்டேஜ் வழக்கமாக 5 சதவீதம் கூடலாம், குறையலாம். டிரான்ஸ்பார்மர் டாப் தவறான படியில் இருந்தால், ரோட்டர் எல்லையைத் தொடும் முன்பே வோல்டேஜ் எல்லை வந்து தடுத்துவிடும். அதனால் வட அமெரிக்காவில் இன்று MOD-025 என்ற விதிப்படி பெரிய ஜெனரேட்டர்களின் மெகாவார் திறனை ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒரு முறை ஓட்டிப் பார்த்தோ, ஓடிய பதிவுகளைக் கொண்டோ சரிபார்க்க வேண்டும். கட்டமைப்பைத் திட்டமிடுகிறவர்கள் கணக்கில் எடுக்க வேண்டியது இப்படிச் சரிபார்த்த எண்ணைத்தான்.