ரம்பப் பல் அலையில் ஒரு பேஸ்

சிந்தசைசரில் முதல் ஒலியாக ஒரு பேஸ் செய்து பார்க்கலாம். ஆஸிலேட்டரில் ரம்பப் பல் அலையைத் தேர்ந்தெடுங்கள். அடிப்படைச் சுரத்தோடு அதன் மேற்சுரங்கள் எல்லாமே அதில் இருப்பதால் காதைக் கீறும். செதுக்க நிறைய இருக்கிறது என்பதே அதன் சிறப்பு. இரண்டாவது ஆஸிலேட்டரிலும் அதே அலையை வைத்து, சுருதியை 7 சென்ட் மட்டும் விலக்குங்கள். ஒலி தடித்து மெல்ல அலையும்.

இனி லோ-பாஸ் ஃபில்டர். கட்ஆஃபை 200 ஹெர்ட்ஸ் அருகே இறக்கினால் மேற்சுரங்கள் அடங்கி ஒலி மந்தமாகும். ஃபில்டர் என்வலப்பில் அட்டாக் 0, டிகே 300 மில்லிசெகண்ட், சஸ்டெயின் 0 வைத்து, அதன் அளவைப் பாதிக்கு ஏற்றுங்கள். கட்டையை அழுத்தியதும் ஃபில்டர் திறந்து மூடும். தந்தியைச் சுண்டியது போல் கேட்கும்.

டிகேயைத் திருகியும் மாற்றமே இல்லையா? என்வலப் அளவு 0-இல் இருக்கலாம். அல்லது, பலர் கவனிக்காதது, கட்ஆஃப் ஏற்கெனவே உச்சியில் இருக்கலாம். திறந்து கிடக்கும் கதவை என்வலப் மேலும் எப்படித் திறக்கும்?

ஒலியளவுக்குத் தனி என்வலப் உண்டு. அதில் சஸ்டெயினை முழுதாக வையுங்கள். தொடக்கத்தில் ‘டிக்’ என்று வெட்டினால் அட்டாக்கை 5 மில்லிசெகண்டாக்குங்கள். முடிவில் வெட்டினால் ரிலீஸைக் கூட்டுங்கள்.