கைக்கருவி காட்டும் இடம் சரிதானா?

பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்களைக் கையடக்க ஜி.பி.எஸ். கருவியால் அளப்போர், அது காட்டும் இடம் ஏறக்குறைய 5 மீட்டர் விலகியிருக்கக் கூடும் என்பதை அறிதல் வேண்டும். ஏக்கர்ச் சதுரத்தின் பக்கம் 64 மீட்டரே. ஓர் எல்லை 5 மீட்டர் நகர்ந்தால் பதின்மூன்றில் ஒரு பங்கு நிலம் கணக்கில் மாறிவிடும்.

துணைக்கோள் அலைகள் வளிமண்டலத்தில் தாமதப்படுவது இதற்கு ஒரு முக்கிய காரணமாகும். ஒரே நேரத்தில், அருகருகே உள்ள இடங்களில், அத்தாமதம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். ஆகவே, இடம் துல்லியமாகத் தெரிந்த அளவைக் கல்லின்மீது ஒரு கருவியை வைக்கிறோம். அது கிழக்கே 3, வடக்கே 4 மீட்டர் மிகையாகக் காட்டுவதாகக் கொள்வோம். பிழை 5 மீட்டர். அதே வேளையில் அதே துணைக்கோள்களைக் கொண்டு தோட்டத்தில் அளந்த மற்றக் கருவியின் எண்களிலிருந்து 3, 4 ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். நில அளவை இலாகாவின் மை-ஆர்.டி.கே.நெட் நிலையங்கள் இவ்வகைத் திருத்தங்களையே, இன்னும் நுட்பமாக, தகுந்த கருவிகளுக்கு அனுப்புகின்றன.

திருத்தம் பலித்ததா என்பதை அதே கல்லில் சோதித்தல் பயனற்றது. அங்கே பிழை தானாகவே மறைந்துவிடும். இடம் தெரிந்த வேறொரு கல்லை அளந்து பாருங்கள். அங்கு எஞ்சும் தூரமே உண்மையான பிழையாகும்.

ரப்பர் மரங்களின் அடியில் கிளையும் அடிமரமும் அலைகளைத் தடுத்துச் சிதறடிக்கின்றன. இப்பிழை அவ்விடத்துக்கே உரியதாதலின் திருத்தத்தால் நீங்காது; வெட்டவெளியில் அளப்பதே வழி. எல்லைத் தகராறு எழுமாயின், உரிமம் பெற்ற அளவையாளரையே நாடுதல் வேண்டும்.