ஆணி அடிக்காமல் சுவரில் ஒரு படம்

வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது நம் ஊர் வீட்டுக்காரர்கள் பலரும் முதல் நாளே சொல்லிவிடும் நிபந்தனை. சொந்த வீட்டிலும்கூட, துளை போட்ட பிறகு "இன்னும் அரை அடி தள்ளி மாட்டியிருக்கலாமே" என்று தோன்றினால் சுவர் பழையபடி ஆகாது. அதனால் முதலில் ஹாலைப் புகைப்படம் எடுத்து, அந்தப் புகைப்படத்துச் சுவரில் ஓவியத்தையோ கடிகாரத்தையோ பொருத்திப் பார்ப்பது இப்போது பரவலான வழக்கம். உள் அலங்கார வடிவமைப்பாளர்கள் வாடிக்கையாளருக்குக் காட்ட இதைச் செய்கிறார்கள். வீடு விற்பவர்கள் விளம்பரப் படங்களுக்காகச் செய்கிறார்கள்.

செய்முறை எளிதாகத்தான் தெரியும். ஒரு ஓவியத்தின் படத்தை வெட்டி எடுத்துச் சுவர் மேல் ஒட்டினால் முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அப்படி ஒட்டிய படம் ஸ்டிக்கர் போலத் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். பார்ப்பவருக்கு எங்கே தப்பு என்று சொல்லத் தெரியாது. ஏதோ சரியில்லை என்பது மட்டும் உடனே தெரிந்துவிடும். பெரும்பாலும் தப்பு இரண்டு இடங்களில்தான் இருக்கும். ஒன்று அளவு, இன்னொன்று நிழல்.

அளவிலிருந்து தொடங்குவதே முறை. ஒரு ஹாலை எடுத்துக்கொள்வோம். எதிர்ச்சுவர் 14 அடி நீளம், 10 அடி உயரம். நடுவில் 6 அடி சோபா. இடப்பக்கம் பால்கனி, வெளிச்சம் வருவது அங்கிருந்துதான். புகைப்படம் நேருக்கு நேராக எடுக்கப்படவில்லை. கேமரா சுவரின் இடது முனைக்குப் பக்கத்தில் இருப்பதால், இடது ஓரம் பெரிதாகவும் வலது ஓரம் சிறிதாகவும் பதிந்திருக்கிறது. தரையிலிருந்து கூரை வரை அளந்தால் இடது ஓரத்தில் 2000 பிக்சல், வலது ஓரத்தில் 1500 பிக்சல். அதாவது அதே ஒரு அடி இடது முனையில் 200 பிக்சலாகவும் வலது முனையில் 150 பிக்சலாகவும் இருக்கிறது. கூரை உயரம் தெரியாதவர்கள் அதே சுவரில் உள்ள கதவை வைத்துக் கணக்கிடலாம். நம் வீடுகளில் கதவு பெரும்பாலும் 7 அடி.

இனி சோபாவுக்கு மேலே, சுவரின் நட்டநடுவில் 4 அடிக்கு 3 அடி ஓவியம் ஒன்று வர வேண்டும். நடு எது? புகைப்படத்தில் அந்தச் சுவர் 2100 பிக்சல் அகலத்துக்குப் பரவியிருக்கிறது. பாதி 1050 என்று கணக்குப் போட்டு அங்கே ஓவியத்தை வைப்பவர்கள்தான் அதிகம். அந்த இடம் நிஜச் சுவரில் இடது முனையிலிருந்து 6 அடியில் விழும். நடுவான 7 அடியில் விழாது. கேமராவுக்கு அருகில் உள்ள பாதி அதிக இடத்தை எடுத்துக்கொள்வதால் வரும் வித்தியாசம் இது. சோபா சரியாக நடுவில் இருக்க, ஓவியம் ஒரு அடி இடப்பக்கம் ஒதுங்கி நிற்கும்.

சரியான நடுவைக் கண்டுபிடிக்கக் கணக்கே தேவையில்லை. சுவரின் நான்கு மூலைகளையும் குறுக்காக இணைத்து இரண்டு கோடுகள் போட்டால், அவை வெட்டிக்கொள்ளும் புள்ளியில்தான் சுவரின் உண்மையான நடு இருக்கும். இந்த ஹாலில் அது 1200-வது பிக்சலில் வருகிறது. இத்தாலியின் லியோன் பத்திஸ்தா ஆல்பெர்ட்டி 1435-இல் ஓவியர்களுக்காக எழுதிய நூலில் முறைப்படுத்திய அதே தொலைநோக்கு வடிவியல்தான் இங்கேயும் வேலை செய்கிறது.

உயரத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 5 அடியில், அதாவது நிற்பவரின் கண் மட்டத்தில் வருமாறு மாட்டுவது கலைக்கூடங்களில் நடைமுறை. அப்படி வைத்தால் நம் ஓவியத்தின் மேல் ஓரம் ஆறரை அடியிலும் கீழ் ஓரம் மூன்றரை அடியிலும் இருக்கும். புகைப்படம் எடுத்தவர் கேமராவை நெஞ்சளவில், நாலரை அடியில் பிடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேமரா மட்டத்துக்கு மேலே இருக்கும் கோடுகள் தூரம் போகப் போகக் கீழே இறங்கும். கீழே இருக்கும் கோடுகள் மேலே ஏறும். எனவே ஓவியத்தின் மேல் ஓரம் வலப்பக்கம் சுமார் 28 பிக்சல் இறங்க வேண்டும், கீழ் ஓரம் சுமார் 14 பிக்சல் ஏற வேண்டும். இடது பக்கச் சட்டம் 536 பிக்சல் உயரம் இருந்தால் வலது பக்கச் சட்டம் 494 பிக்சல்தான். கண்ணுக்கு இது சின்ன வேறுபாடு. இதை விட்டுவிட்டால் ஓவியம் சுவரோடு ஒட்டாமல், ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு நிற்பதாகத் தெரியும்.

இலவச மென்பொருளான GIMP-இல் இதற்கென்றே Perspective என்ற கருவி இருக்கிறது. ஓவியத்தின் நான்கு மூலைகளையும் தனித்தனியே பிடித்து இழுக்கலாம். ஃபோட்டோஷாப்பில் Distort கட்டளை அதைச் செய்யும். அங்கே 2005-இல் வந்த Vanishing Point வசதியில் சுவரின் பரப்பை ஒருமுறை வரைந்து காட்டினால் போதும், அதன் மேல் எதை நகர்த்தினாலும் அளவும் சாய்வும் தானாகவே மாறும். ஒரே சுவரில் ஓவியத்தை அங்கும் இங்கும் நகர்த்திப் பார்க்க வேண்டியவர்களுக்கு அது பெரிய உதவி.

ஓவியத்தைச் சுவரில் உண்மையாகவே மாட்டுவது நிழல்தான். இந்த வேலையில் பொறுமை காட்ட வேண்டிய இடமும் அதுதான். நல்ல வேளையாக, நிழல் எப்படி விழ வேண்டும் என்பதை அந்தப் புகைப்படமே சொல்லிவிடும். சுவரில் இருக்கும் ஸ்விட்ச் போர்டைப் பெரிதாக்கிப் பார்த்தால் அதன் ஓரத்தில் மெல்லிய நிழல் ஒன்று இருக்கும். எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது, ஓரம் கூர்மையாக இருக்கிறதா மங்கலாகக் கரைகிறதா, என்ன நிறம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பால்கனி வெளிச்சத்தில் அது வலப்பக்கமும் கொஞ்சம் கீழேயும் விழுந்து, ஓரம் கரைந்திருக்கும். நிறம் கறுப்பாக இராது. சுவரின் பழுப்பு வெள்ளையே சற்று அடர்ந்திருக்கும். டியூப்லைட்டும் எரிந்தால் இன்னொரு நிழல் வேறு திசையில் விழும். அப்போது ஓவியத்துக்கும் இரண்டு நிழல் தேவை.

நிழலின் அகலத்தில்தான் பலர் தாராளமாகிவிடுகிறார்கள். ஒரு அங்குலத் தடிமன் உள்ள சட்டத்தின் மேல் வெளிச்சம் 45 டிகிரி சாய்வில் விழுந்தால், நிழலும் ஒரு அங்குலம்தான். இந்தச் சுவரின் நடுவில் கிடைமட்டமாக ஒரு அங்குலம் என்பது ஏறக்குறைய 12 பிக்சல். மென்பொருள் தரும் ஆயத்த நிழலை அப்படியே ஏற்று 50, 60 பிக்சல் என்று விட்டால், ஓவியம் சுவரிலிருந்து நான்கைந்து அங்குலம் விலகி அந்தரத்தில் தொங்கும்.

ஓவியத்துக்குக் கீழே புதிய லேயர் ஒன்றைப் போட்டு, அதே வடிவத்தைச் சுவரின் அடர்ந்த மூலையிலிருந்து எடுத்த நிறத்தால் நிரப்பி, 12 பிக்சல் வலப்பக்கமும் ஆறேழு பிக்சல் கீழேயும் தள்ள வேண்டும். பிறகு Gaussian Blur கொண்டு கொஞ்சம் கரைத்து, லேயரை Multiply முறைக்கு மாற்றி, ஸ்விட்ச் போர்டின் நிழலோடு ஒத்துப்போகும் வரை அடர்த்தியைக் குறைத்துக்கொண்டே வரலாம். சட்டம் சுவரைத் தொடும் இடத்தில் இரண்டு மூன்று பிக்சல் அகலத்துக்கு இன்னொரு அடர்ந்த கோடு வேண்டும். கேமரா இடப்பக்கம் இருப்பதால் சட்டத்தின் இடது பக்கத் தடிமனும் மெல்லிய கீற்றாகத் தெரிய வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்த கணமே ஓவியம் சுவரில் உட்கார்ந்துவிடுவதைக் காணலாம்.

அடுத்தது வெளிச்சம். சுவர் பால்கனிப் பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் மங்கியும் இருக்கும்போது, ஓவியம் மட்டும் முழுக்க ஒரே பிரகாசத்தில் இருக்க முடியாது. ஓவியத்தின் வலப்பக்கத்தைச் சுவர் மங்கும் அளவுக்கே மங்க வைக்க வேண்டும். ஓவியத்தில் உள்ள வெள்ளை, அதே இடத்துச் சுவரின் வெள்ளையை விட அதிகம் பளிச்சிட்டாலும் சந்தேகம் வரும். Levels கருவியில் அதைச் சற்று இறக்கினால் போதும்.

எந்த ஓவியம் என்பதும் யோசிக்க வேண்டியது. தஞ்சாவூர் ஓவியத்தைப் பலரும் விரும்புகிறார்கள், ஆனால் புகைப்படத்தில் சேர்ப்பதற்கு மிகக் கடினமான ஒன்று அது. புடைத்திருக்கும் தங்கத் தகட்டில், அந்த ஓவியத்தைப் படமெடுத்த அறையின் விளக்கு ஏற்கெனவே மின்னிக்கொண்டிருக்கும். நம் ஹாலின் வெளிச்சத்தோடு அது ஒத்துப்போகாது. கண்ணாடி போட்ட சட்டம் என்றால் அதில் எதிர்ப்பக்கத்தின் பிம்பமும் தெரிய வேண்டும். முதல் முயற்சிக்குக் கண்ணாடி இல்லாத கேன்வாஸ் ஓவியமே நல்லது. விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதாக இருந்தால் உரிமையையும் பார்க்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை நீடிக்கும். 1906-இல் மறைந்த ராஜா ரவிவர்மாவின் ஓவியங்களுக்கு அந்தத் தடை இல்லை. இன்று வரையும் ஓவியர்களிடம் அனுமதி கேட்டே ஆக வேண்டும்.

கடிகாரத்தில் சிக்கல் வேறு. பக்கவாட்டில் பார்க்கும்போது வட்டம் நீள்வட்டமாகிறது. முள்கள் இணையும் புள்ளி அந்த நீள்வட்டத்தின் நடுவில் இருக்காது. தூரத்துப் பக்கமாக மயிரிழை தள்ளியிருக்கும். Perspective கருவியால் முழுக் கடிகாரத்தையும் சேர்த்துச் சாய்த்தால் இது தானாக அமையும், அகலத்தை மட்டும் குறுக்கினால் அமையாது. கடிகாரத்தின் மேல் விழுந்த ஒளி நம் ஹாலுக்கு எதிர்த்திசையில் இருக்கிறதே என்று இடவலமாகத் திருப்புகிறவர்களும் உண்டு. எண்களும் திரும்பிவிடும் என்பதைப் படம் வெளியான பிறகுதான் கவனிப்பார்கள். கடை விளம்பரங்களில் கடிகாரங்கள் பெரும்பாலும் பத்து பத்தைக் காட்டும். மாலை மஞ்சள் வெயில் விழும் ஹாலில் அந்த நேரம் பொருந்தாது.

அலமாரிப் பலகைதான் மூன்றிலும் கடினம், ஏனென்றால் அதற்கு ஆழம் இருக்கிறது. 6 அடி உயரத்தில் இருக்கும் பலகையை நாலரை அடியில் உள்ள கேமரா பார்த்தால் அதன் அடிப்பாகம் தெரிய வேண்டும். இணையக் கடைகளின் படங்களிலோ பெரும்பாலும் நேர்ப்பார்வையோ மேற்பரப்போதான் தெரிகிறது. மேற்பரப்பு தெரியும் படத்தை எவ்வளவு சாய்த்தாலும் அடிப்பாகத்தை வரவழைக்க முடியாது. வீட்டில் இருக்கும் ஒரு பலகையை அதே கோணத்தில், கேமராவை அதற்கு ஒன்றரை அடி கீழே வைத்துத் தனியாகப் படமெடுத்துச் சேர்ப்பதே நம்பகமான வழி. எட்டு அங்குல ஆழமுள்ள பலகையின் நிழல் சுவரில் நன்றாக நீளும். மேலே வைக்கும் புத்தகங்களுக்கும் பூச்சாடிக்கும் தனித்தனி நிழல் வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் படத்தை உள்ளங்கை அளவுக்குச் சிறிதாக்கிப் பார்ப்பது தொழில் செய்பவர்களின் வழக்கம். சேர்த்த பொருள் முதலில் கண்ணில் குத்தினால் பெரும்பாலும் நிறமோ பிரகாசமோ கூடியிருக்கிறது. பிறகு நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். சுவரில் செல்போன் கேமராவின் மணல் போன்ற புள்ளிகள் இருந்து, ஓவியம் மட்டும் வழவழவென்று இருந்தால் அதற்கும் கொஞ்சம் புள்ளி சேர்க்க வேண்டியிருக்கும்.

வீடு விற்கும் விளம்பரத்தில் ஒரு எல்லை இருக்கிறது. வெற்றுச் சுவரில் ஓவியம் சேர்ப்பது வேறு, ஈரம் ஊறிய கறையையோ விரிசலையோ ஓவியத்தால் மறைப்பது வேறு. கட்டுமான நிறுவனம் விளம்பரத்தில் தரும் தவறான தகவலை நம்பிப் பணம் கட்டி இழப்பு அடைந்தவருக்கு, 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு இழப்பீடு கேட்கும் உரிமை தருகிறது. பொறுப்பாகச் செய்பவர்கள் அலங்காரம் கணினியில் சேர்க்கப்பட்டது என்று படத்தின் கீழே எழுதி, வெற்றுச் சுவரின் அசல் படத்தையும் பக்கத்திலேயே போடுகிறார்கள்.